சிதறல் வரைபும் சிறந்த பொருத்தக் கோடும்: உயரமும் வெப்பநிலையும்

தரம் 11, கணிதம். தேவை: வரைபுத்தாள், கூரான பென்சில், ஒளி ஊடுருவும் அடிமட்டம்.

மலையேற ஏறக் குளிரும் என்பது தெரிந்ததே. எவ்வளவு குளிரும்? பயிற்சிக்கான கீழ்வரும் தரவு, ஒரே நாள் காலை 10 மணிக்கு எட்டுத் தோட்டங்களில் எடுத்த அளவீடுகளாகத் தரப்பட்டுள்ளது.

| இடம் | உயரம் x (மீ) | வெப்பநிலை y (°C) |
|---|---|---|
| அ | 500 | 25.5 |
| ஆ | 700 | 23.5 |
| இ | 900 | 23.0 |
| ஈ | 1000 | 26.5 |
| உ | 1200 | 21.0 |
| ஊ | 1500 | 19.5 |
| எ | 1700 | 17.5 |
| ஏ | 1900 | 17.0 |

1. x அச்சை 0 முதல் 2600 வரை (1 செ.மீ = 200 மீ), y அச்சை 12 முதல் 30 வரை (1 செ.மீ = 1 °C) எடுத்து, புள்ளிகளைச் சிறு × குறியால் இடுக. புள்ளிகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டாம்.

2. தொடர்பு நேரா, மறையா? வலுவானதா? ஒரு வாக்கியத்தில் காரணத்துடன் எழுதுக.

3. கூட்டத்தை விட்டு விலகி நிற்கும் புள்ளி எது? அந்த இடத்தில் வெப்பமானியை லயத்துத் தகரக் கூரைக்குக் கீழே, வெயில் படும்படி தொங்கவிட்டிருந்தார்கள். காற்றின் வெப்பநிலையை அது காட்டவில்லை. ஆகவே கணிப்பில் சேர்க்க வேண்டாம். வரைபில் மட்டும் வட்டமிட்டு வைக்க. (காரணம் தெரியாமல், கோட்டுக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக மட்டும் ஒரு புள்ளியை நீக்குவது தவறு.)

4. மீதி ஏழின் இடையைக் காண்க: உயரம் 8400 ÷ 7 = 1200, வெப்பநிலை 147 ÷ 7 = 21. கோடு (1200, 21) ஊடாகச் செல்ல வேண்டும். அடிமட்டத்தை அப்புள்ளியில் வைத்துத் திருப்பி, இருபுறமும் புள்ளிகள் ஏறக்குறையச் சமமாகப் பரவும்போது கோட்டை வரைக. முதற் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் இணைத்தாலும் இத்தரவில் கிட்டத்தட்ட இதே கோடு வரும். அது அதிர்ஷ்டம், முறையல்ல.

5. படித்திறனைத் தரவுப் புள்ளிகளிலிருந்து எடுக்காமல், கோட்டின் மீதே தொலைவிலுள்ள இரு புள்ளிகளிலிருந்து காண்க. (200, 27), (2200, 15) கோட்டில் இருந்தால்:

(15 − 27) ÷ (2200 − 200) = −0.006

அதாவது 100 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.6 °C குறையும். கோடு y = 28.2 − 0.006x. கையால் வரைவதால் உங்கள் படித்திறன் −0.0055 இற்கும் −0.0065 இற்கும் இடையில் இருந்தால் ஏற்கலாம். படித்திறன் நேர்ப் பெறுமானமாக வந்தால், கழித்த ஒழுங்கு மாறிவிட்டது.

6. எதிர்வுகூறுக, ஒவ்வொன்றையும் எவ்வளவு நம்பலாம் எனவும் எழுதுக.

(அ) 1300 மீ: 28.2 − 7.8 = 20.4. "ஏறத்தாழ 20 °C" என எழுதுவதே பொருத்தம். புள்ளிகளே கோட்டிலிருந்து அரைப் பாகை வரை விலகியிருக்கின்றன. தரவின் எல்லைக்குள் இருப்பதால் நம்பலாம்.

(ஆ) பீதுருதாலகால உச்சி, 2524 மீ: ஏறத்தாழ 13 °C. தரவு 1900 இல் முடிகிறது. அதற்கு மேலும் இதே படித்திறன் தொடரும் என்பது நமது அனுமானம். கோட்டின் அப்பகுதியை முறிகோடாக வரைக.

(இ) ஈ இடத்தில் நிழலில் அளந்திருந்தால் என்ன வந்திருக்கும்?

(ஈ) இதே கோட்டைக் கொண்டு நுவரெலியாவின் ஜனவரி அதிகாலை வெப்பநிலையைச் சொல்லலாமா? தெளிந்த இரவில் குளிர்காற்று பள்ளத்தில் தேங்குவதையும், அங்கு சில நாட்களில் உறைபனி விழுவதையும் நினைவில் வைத்து விடை எழுதுக.