வளைவுச் சோதனைச் சட்டம்: அளந்த தொய்வும் கணக்கிட்ட தொய்வும்

கட்டமைப்பு ஆய்வகம், பாலிடெக்னிக் சிவில் பிரிவு
பெறுநர்: துறைத்தலைவர்

1. முடிவு முதலில்

புதிதாக வந்துள்ள பீம் வளைவுச் சட்டத்தை மாணவர்களிடம் கொடுக்கும் முன் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். இரு முனையும் கத்திமுனைத் தாங்கிகளில் சும்மா அமர்ந்திருக்கும்போது, அளந்த தொய்வு கணக்கைவிட 1.5% மட்டுமே அதிகம். அதே பட்டையை அதே சட்டத்தில் இரு முனையும் கவ்விப் பிடித்தபோது 25% அதிகம். பட்டையிலோ சூத்திரத்திலோ கோளாறு இல்லை. 'நிலைத்த முனை' என்று பெயரெழுதி வைத்திருக்கும் கவ்விகள் முழுக்க நிலைத்து நிற்கவில்லை, அவ்வளவுதான். சட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் பகுதி 6-இல் இருக்கிறது.

2. பட்டையும் அளவீடும்

மைல்டு ஸ்டீல் பட்டை. கடைக்கணக்கில் 25 × 6 மி.மீ. மைக்ரோமீட்டரில் ஐந்து இடங்களில் பிடித்துப் பார்த்ததில் தடிமன் சராசரி 5.92 மி.மீ., அகலம் 25.1 மி.மீ. 0.08 மி.மீ. ஒரு பொருட்டா என்று தோன்றலாம். ஆனால் சூத்திரத்தில் தடிமன் மும்மடியாக வருகிறது. 6 மி.மீ. என்றே போட்டிருந்தால் I = 450 மி.மீ.⁴, உண்மையில் 434 மி.மீ.⁴. கணக்கில் 3.6% அங்கேயே போய்விடும். மாணவர்கள் பில்லில் உள்ள தடிமனை அப்படியே போடும் பழக்கத்தை இந்தச் சோதனையிலேயே உடைக்கலாம்.

தாங்கிகளுக்கு இடைப்பட்ட நீளம் L = 800 மி.மீ. எஃகின் யங் குணகம் E = 200 ஜிகாபாஸ்கல் என எடுத்துக்கொண்டேன். சுமை நடுவில், கொக்கியில் தொங்கும் எடைகளால் ஏற்றப்பட்டது. தொய்வை 0.01 மி.மீ. நுண்மையுள்ள டயல் கேஜ் அளந்தது. ஒவ்வொரு முறையும் கொக்கியும் தட்டும் மட்டும் தொங்கும் நிலையில் சுழியம் வைத்தேன். பட்டை தாங்கியில் சரியாகப் படிந்த பிறகே கணக்குத் தொடங்க வேண்டும் என்பதற்காக.

முதல் நாள் அளவுகளை எறிந்துவிட்டேன். டயல் கேஜின் காந்த அடியைச் சட்டத்தின் தூணிலேயே ஒட்டியிருந்தோம். தூண் சாயும்போது கேஜும் கூடவே சாய்ந்தது. மறுநாள் தரையில் தனி ஸ்டாண்டு வைத்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்தோம். கீழே உள்ளவை அந்த இரண்டாம் நாள் எண்கள்.

3. சும்மா அமர்ந்த பீம்

இரு முனையும் சுதந்திரமாகத் திரும்பக்கூடிய பீமுக்கு நடுத்தொய்வு:

```
δ = P·L³ / (48·E·I)
```

| நிறை (கி.கி.) | சுமை (நியூட்டன்) | அளந்தது (மி.மீ.) | கணக்கு (மி.மீ.) |
|---|---|---|---|
| 0.5 | 4.91 | 0.61 | 0.60 |
| 1.0 | 9.81 | 1.22 | 1.21 |
| 1.5 | 14.72 | 1.84 | 1.81 |
| 2.0 | 19.62 | 2.45 | 2.41 |
| 2.5 | 24.53 | 3.06 | 3.01 |

வரைபடம் நேர்கோடு. சாய்வு ஒரு நியூட்டனுக்கு 0.1248 மி.மீ.; கணக்குப்படி 0.1229. எடையை இறக்கும்போதும் அதே எண்கள், 0.01 முன்பின்னாகத் திரும்பி வந்தன. மிச்சமுள்ள 1.5%-ஐத் தேடி அலைய வேண்டியதில்லை. தடிமனில் 0.01 மி.மீ. பிசகினாலே அரை சதவீதம் மாறும். E-யும் நான் எடுத்துக்கொண்ட மதிப்புதான், இந்தப் பட்டையில் அளந்ததல்ல. வெட்டுவிசையால் வரும் கூடுதல் தொய்வு இவ்வளவு மெல்லிய பட்டையில் 0.02% கூட இல்லை.

இந்த அளவு அடுத்த பகுதிகளுக்கும் உதவியது. இதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் EI = 85.5 நியூட்டன்·மீ². இனி வரும் கணக்குகள் எல்லாவற்றிலும் இந்த EI-யைத்தான் போட்டிருக்கிறேன். பட்டையைப் பற்றிய சந்தேகம் இதோடு தீர்ந்தது. இனி வேறுபாடு வந்தால் அது தாங்கியின் வேலை.

4. இரு முனையும் கவ்வியபோது

முனைகள் கொஞ்சம்கூடத் திரும்பாவிட்டால் தொய்வு நாலில் ஒரு பங்காகும்:

```
δ = P·L³ / (192·E·I)
```

| நிறை (கி.கி.) | சுமை (நியூட்டன்) | அளந்தது (மி.மீ.) | கணக்கு (மி.மீ.) | கூடுதல் |
|---|---|---|---|---|
| 1 | 9.81 | 0.39 | 0.31 | 27% |
| 2 | 19.62 | 0.77 | 0.61 | 26% |
| 3 | 29.43 | 1.15 | 0.92 | 25% |
| 4 | 39.24 | 1.52 | 1.22 | 24% |
| 5 | 49.05 | 1.88 | 1.53 | 23% |

இதில் இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று, எல்லாச் சுமையிலும் தொய்வு கணக்கைவிட நன்றாகவே அதிகம். இன்னொன்று, சுமை கூடக் கூட அந்தச் சதவீதம் மெல்லக் குறைகிறது.

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். பட்டை தொய்யும்போது அதன் நீளம் கொஞ்சம் கூட வேண்டும். கத்திமுனையில் இருந்தால் முனைகள் உள்ளே வழுக்கிக்கொடுக்கும். கவ்வியில் வழுக்க முடியாது; ஆகவே பட்டையில் இழுவிசை பிறந்து, கயிறு இழுபட்டாற்போல அதை விறைப்பாக்குகிறது. தொய்வு தடிமனில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும்போது, முனைகள் துளியும் நகராவிட்டால் விறைப்பு 7% வரை கூடும். இங்கே மூன்று, நாலு சதவீதம்தான் தெரிகிறது. சாதாரண பீம் சூத்திரத்தில் இந்த விளைவு கிடையாது. அதனால் அடுத்த கணக்குக்கு முதல் மூன்று சுமைகளை மட்டும் எடுத்தேன்: ஒரு நியூட்டனுக்கு 0.0392 மி.மீ. (1 கி.கி. வரிசையின் 27%-ஐத் தனியாகப் பெரிதாக எடுக்க வேண்டாம். அங்கே டயலின் ஒரு கோடு பிசகினாலே 2.5%.)

5. கவ்வி எவ்வளவு பிடிக்கிறது?

கவ்வியை ஒரு முறுக்குச் சுருள்வில்லாகப் பாவிக்கலாம். முனையில் ஒரு ரேடியன் திருப்ப k அளவு திருப்புத்திறன் வேண்டும் என்று கொண்டால்:

```
r = 1 / (1 + 2·E·I/(k·L))
முனைத் திருப்புத்திறன் = r · P·L/8
δ = (P·L³/(48·E·I)) · (1 − 0.75·r)
```

r = 0 என்றால் சும்மா அமர்ந்த பீம்; r = 1 என்றால் முழுக்க நிலைத்தது. அளந்த இரண்டு சாய்வுகளின் விகிதம் 0.314. அதிலிருந்து r = 0.915, k ஏறத்தாழ 2,300 நியூட்டன்·மீ/ரேடியன்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். கவ்வி 91.5% பிடித்திருக்கிறது. கேட்க நல்ல மதிப்பெண். ஆனால் முழு நிலைத்த பீமோடு ஒப்பிட்டால் தொய்வு 4 − 3r மடங்கு, அதாவது 1.26 மடங்கு. பிடிமானத்தில் 8.5% தளர்ந்தால் தொய்வில் 26% ஏறுகிறது. திருப்புத்திறனில் கதை வேறு: நடுவில் PL/8 இருக்க வேண்டியது 8.5% மட்டுமே கூடுகிறது. தாங்கும் வலிமையைப் பார்ப்பவருக்கு இந்தக் கவ்வி நன்றாகவே வேலை செய்கிறது; தொய்வைப் பார்ப்பவருக்கு ஏமாற்றுகிறது. இரண்டு பேரும் ஒரே சட்டத்தைத்தான் பார்க்கிறார்கள்.

5 கி.கி. சுமையில் முனை திரும்பும் அளவு சுமார் 0.0020 ரேடியன், ஒரு பாகையில் ஒன்பதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. 'நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன் சார், அசையவில்லை' என்று ஆய்வக உதவியாளர் சொன்னது உண்மைதான். அப்புறம் கவ்வித் தலையில் ஓர் எஃகு ஸ்கேலைப் பிடித்து, 200 மி.மீ. தள்ளி இன்னொரு டயல் கேஜை வைத்தோம். அது 0.24 மி.மீ. காட்டியது: 0.0012 ரேடியன். ஆக, திரும்பலில் அறுபது சதவீதம் தூணும் அதன் அடித்தட்டும் வளைவதால். மீதி, தாடைக்குள் பட்டை அசைவதால்.

பட்டையின் 'உண்மை நீளம்' தாடைக்குள்ளும் நீள்கிறது, வேறொன்றுமில்லை என்ற விளக்கத்தையும் பார்த்தேன். 26% தொய்வுக்கு நீளம் 863 மி.மீ. ஆக வேண்டும். அதாவது ஒவ்வொரு பக்கமும் 31 மி.மீ. 40 மி.மீ. அகலத் தாடையில் முக்கால்வாசி பிடிக்கவே இல்லை என்றாகும். அது நம்பும்படி இல்லை. ஸ்கேல் காட்டிய திரும்பலும் அதற்கு எதிராகவே இருக்கிறது.

6. இரண்டு சரிபார்ப்புகள்

முதலாவது: ஒரு முனையைக் கவ்வி, மறுமுனையைக் கத்திமுனையில் வைத்தோம். முழு நிலைத்த முனை என்றால் நடுத்தொய்வு 7PL³/(768EI). மேலே கண்ட k-யைப் போட்டால் வேறு எண் வரும். இந்த அளவீட்டுக்காக k-யை மாற்றவில்லை.

| நிறை (கி.கி.) | அளந்தது (மி.மீ.) | முழு நிலைத்த முனை (மி.மீ.) | k சேர்த்த கணக்கு (மி.மீ.) |
|---|---|---|---|
| 1 | 0.63 | 0.54 | 0.62 |
| 2 | 1.25 | 1.07 | 1.24 |
| 3 | 1.88 | 1.61 | 1.86 |

பாடப்புத்தகச் சூத்திரம் 17% தவறுகிறது. k சேர்த்த கணக்கு ஏறத்தாழ 1%-க்குள் நிற்கிறது. இந்த ஓர் அட்டவணை போதும், காரணம் கவ்விதான் என்பதற்கு.

இரண்டாவது: இரு கவ்விகளையும் திறந்து, தாடைகளைச் சுத்தம் செய்து, பட்டைக்கு அடியில் மெல்லிய தகடு கொடுத்து, நீளமான ஸ்பானரால் இறுக்கினோம். மேல் தாடையில் பெயின்ட் அப்படியே இருந்தது; பட்டை பெயின்ட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. இறுக்கிய பின் இரு முனையும் கவ்விய நிலையில் 3 கி.கி.-க்கு 1.15 மி.மீ. இருந்தது 1.07 ஆனது, கூடுதல் 25%-இலிருந்து 17%-ஆக இறங்கியது. தூண் மட்டும் வளைந்தால் 16% வர வேண்டும் என்பது ஸ்கேல் அளவிலிருந்து வந்த கணக்கு. தாடையின் பங்கு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. எஞ்சியது தூணும் அடித்தட்டும். அது ஸ்பானரால் தீராது.

அடித்தட்டுக்கு முட்டுத்தகடு வெல்டிங் செய்து தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். ஒரு பக்கத் தூணுக்கு மட்டும் செய்யச் சொல்லலாம் என்று பரிந்துரைக்கிறேன். மற்றதை இப்படியே விட்டால், ஒரே சட்டத்தில் விறைப்பான கவ்வியும் தளர்ந்த கவ்வியும் அடுத்தடுத்து இருக்கும். மாணவர்கள் இரண்டின் k-யையும் தாங்களே கண்டுபிடிக்கலாம். 'நிலைத்த முனை' என்ற பெயர்ப்பலகையை மட்டும் எடுத்துவிட்டு 'கவ்வி அ', 'கவ்வி ஆ' என எழுதி ஒட்டியிருக்கிறேன். தாடைகளின் பெயின்ட்டை வரும் திங்கட்கிழமைக்குள் சுரண்டிவிடுகிறோம்.