ஆய்வகக் கையேடு: ஆக்சாலிக் அமிலக் கரைசலைக் கொண்டு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் செறிவைக் காணல்

பயன்படுத்துவோருக்கு

இந்தச் சோதனைக்கான 22 விரிவுரை ஸ்லைடுகளை ஆய்வக மேசையில் வைத்து வேலை செய்யும்படி இந்தக் கையேடாக எழுதியிருக்கிறோம். ஸ்லைடுகள் வகுப்பில் பேசிக்கொண்டே காட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. அதனால் "அமிலம் சேர்", "சூடாக்கு", "நிறம் மாறும்வரை தரம் பார்" என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. எவ்வளவு அமிலம், எத்தனை டிகிரி, என்ன நிறம் என்பதை ஆசிரியர் வாயால் சொல்லிவிடுவார். கையேட்டில் அது எழுத்தில் இருந்தாக வேண்டும். பாதுகாப்பு பற்றி ஸ்லைடுகளில் கடைசிப் பக்கத்தில் இருந்தவற்றை இங்கே செய்முறைக்கு முன்னால் கொண்டுவந்திருக்கிறோம். சில எச்சரிக்கைகள் அந்தந்தப் படியிலேயே வரும். ஆக்சிஜனேற்ற எண் பற்றிய ஆறு ஸ்லைடுகள் வகுப்புக்கு உரியவை என்பதால் விடப்பட்டன.

ஒரு திருத்தமும் உண்டு. 17ஆம் ஸ்லைடில் முடிவுநிலையைக் காட்டும் படம் அடர் ஊதா நிறத்தில் இருக்கிறது. அந்த நிறம் வரும்வரை தரம் பார்த்தால் முடிவுநிலையைத் தாண்டிப் பல துளிகள் விழுந்திருக்கும். கீழே எழுதியுள்ள நிறத்தையே பின்பற்றவும்.

நோக்கம்

எடை தெரிந்த ஆக்சாலிக் அமிலத்திலிருந்து திட்டக் கரைசல் தயாரித்து, அதைக் கொண்டு ஏறத்தாழ 0.02 மோலார் உள்ள பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலின் சரியான செறிவைக் காண்பது.

தத்துவம்

2KMnO₄ + 5H₂C₂O₄ + 3H₂SO₄ → 2MnSO₄ + K₂SO₄ + 10CO₂ + 8H₂O

இரண்டு மோல் பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து மோல் ஆக்சாலிக் அமிலம். கணக்கு முழுவதும் இந்த 2 : 5 விகிதத்தில்தான் நிற்கிறது. பெர்மாங்கனேட்டை எடைபோட்டுக் கரைத்து நேரடியாகத் திட்டக் கரைசல் ஆக்க முடியாது. அதில் சிறிதளவு மாங்கனீசு டை ஆக்சைடு மாசாக இருக்கும். நீரிலுள்ள கரிமப் பொருள்களும் அதில் ஒரு பங்கை ஒடுக்கிவிடும். ஆக்சாலிக் அமிலப் படிகம் (H₂C₂O₄·2H₂O, மோலார் நிறை 126.07) தூய்மையாகக் கிடைக்கிறது, எடையும் நிலையாக இருக்கிறது.

தனியாக நிறங்காட்டி வேண்டாம். பெர்மாங்கனேட்டின் நிறமே முடிவுநிலையைக் காட்டும்.

தேவையானவை: இருவர் கொண்ட ஒரு குழுவுக்கு

50 மி.லி. பியூரெட் (கண்ணாடி அல்லது டெஃப்லான் திருகு உள்ளது), 20 மி.லி. பிப்பெட், பிப்பெட் பல்பு, 250 மி.லி. திட்டக்குடுவை, 250 மி.லி. கூம்புக் குடுவை இரண்டு, எடைக்குப்பி, புனல், 100 மி.லி. பீக்கர் இரண்டு, 25 மி.லி. அளவு ஜாடி, வெப்பநிலைமானி, முக்காலி, கம்பிவலை, பன்சன் அடுப்பு, இடுக்கி, வெள்ளைப் பீங்கான் தட்டு, கழுவு குப்பி.

ரப்பர் குழாயும் கிளிப்பும் வைத்த பியூரெட் இந்தச் சோதனைக்கு ஆகாது. பெர்மாங்கனேட் ரப்பரை அரிக்கும், அந்த வினையில் தானும் குறையும்.

ஆய்வக உதவியாளர் முன்கூட்டியே தயாரிக்க வேண்டியவை (15 குழுக்களுக்கு)

| பொருள் | அளவு | தயாரிப்பு |
|---|---|---|
| பொட்டாசியம் பெர்மாங்கனேட், ஏறத்தாழ 0.02 மோலார் | 2 லிட்டர் | 6.4 கிராம் |
| நீர்த்த கந்தக அமிலம், 1 மோலார் | 2 லிட்டர் | அடர் அமிலம் 111 மி.லி. |
| ஆக்சாலிக் அமிலப் படிகம் | 30 கிராம் | அப்படியே, மூடிய குப்பியில் |

பெர்மாங்கனேட்டைக் கரைத்தபின் 15 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, மூடி வைத்து ஆறவிடவும். மறுநாள் கண்ணாடிப் பஞ்சு வழியாக வடிகட்டிப் பழுப்பு நிறப் புட்டியில் சேமிக்கவும். வடிதாள் வேண்டாம், தாளின் செல்லுலோஸ் பெர்மாங்கனேட்டை ஒடுக்கும்.

கந்தக அமிலத்துக்கு முதலில் 1.5 லிட்டர் வாலை வடிநீரைப் பெரிய பீக்கரில் எடுத்து, குளிர்நீர்த் தொட்டியில் வைக்கவும். அமிலத்தை மெல்லிய தாரையாக, கலக்கிக்கொண்டே நீரில் ஊற்றவும். நீரை அமிலத்தில் ஊற்றினால் மேற்பரப்பிலேயே கொதித்து முகத்தில் தெறிக்கும். ஆறிய பின் 2 லிட்டர் ஆக்கவும். மாணவர்கள் அடர் அமிலப் புட்டியைத் தொட வேண்டிய தேவை இந்தச் சோதனையில் எங்கும் இல்லை.

பாதுகாப்பு

கண்ணாடி, பருத்தி மேலங்கி, கையுறை அணியாமல் மேசைக்கு வரக்கூடாது. நீண்ட முடியைக் கட்டிக்கொள்ளவும்.

ஆக்சாலிக் அமிலம் நச்சு. விழுங்கினால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆகவே பிப்பெட்டை வாயால் உறிஞ்சக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும். பல்பு கிடைக்கவில்லை என்றால் கிடைக்கும்வரை காத்திருக்கவும்.

திடப் பெர்மாங்கனேட் வலிமையான ஆக்சிஜனேற்றி. தாள், துணி, கிளிசரின், ஆல்கஹால் ஆகியவற்றின் அருகில் வைக்க வேண்டாம். திடப் பெர்மாங்கனேட்டும் அடர் கந்தக அமிலமும் ஒருபோதும் ஒன்றுசேரக் கூடாது. வெடிக்கக்கூடிய Mn₂O₇ உண்டாகும். இரண்டு புட்டிகளையும் வெவ்வேறு அலமாரியில் வைக்கவும்.

கண்ணில் எது பட்டாலும் இமையைத் திறந்து பிடித்து ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் அனுப்பவும். தோலில் அமிலம் பட்டாலும் நிறைய நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். முதலில் சோடாவைத் தேய்ப்பது தவறு. ஆக்சாலிக் அமிலத்தை விழுங்கிவிட்டால் வாயைக் கொப்பளித்து, வாந்தி எடுக்கவைக்காமல், புட்டியின் பெயர்ச்சீட்டோடு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும்.

செய்முறை

*அ. திட்டக் கரைசல்*

1. எடைக்குப்பியில் 1.5 முதல் 1.6 கிராம் வரை ஆக்சாலிக் அமிலம் எடுத்து நான்கு தசம இலக்கத்துக்கு எடைபோடவும். 1.5758 கிராம் சரியாக வரவேண்டும் என்று தூவித் தூவி நேரத்தை வீணாக்க வேண்டாம். எடுத்த எடை சரியாகத் தெரிந்தால் போதும்.
2. படிகத்தைப் புனல் வழியாகத் திட்டக்குடுவையில் சேர்த்து, எடைக்குப்பியை மீண்டும் எடைபோடவும். வித்தியாசமே கரைசலுக்குள் போன எடை.
3. புனலைக் கழுவி இறக்கி, பாதிக் குடுவை அளவு நீர் சேர்த்து முழுவதும் கரையும்வரை சுழற்றவும். கரைந்த பிறகே கோடுவரை நிரப்பவும். பிறைத்தளத்தின் அடி கோட்டைத் தொட வேண்டும்.
4. மூடியைப் பிடித்துக்கொண்டு 15 முறையாவது தலைகீழாகக் கவிழ்க்கவும். இதில் சோம்பினால் குடுவையின் கழுத்தில் வெறும் நீர் தங்கி, ஒவ்வொரு பிப்பெட்டுக்கும் ஒரு செறிவு வரும்.

*ஆ. தரம் பார்த்தல்*

5. பியூரெட்டை நீரில் கழுவியபின் பெர்மாங்கனேட் கரைசலால் இருமுறை, ஒவ்வொன்றும் 5 மி.லி., அலசவும். நிரப்பி, புனலை எடுத்துவிட்டு, முனையிலுள்ள காற்றுக்குமிழியை வெளியேற்றவும். கரைசல் அடர்நிறம் ஆனதால் பிறைத்தளத்தின் மேல் விளிம்பை அளக்கவும். தொடக்கத்திலும் முடிவிலும் அதையே.
6. பிப்பெட்டை ஆக்சாலிக் அமிலக் கரைசலால் அலசி, 20 மி.லி. எடுத்துக் கூம்புக் குடுவையில் விடவும். கூம்புக் குடுவையை நீரால் மட்டுமே கழுவலாம், ஆக்சாலிக் அமிலத்தால் அலசக்கூடாது.
7. அளவு ஜாடியால் 20 மி.லி. நீர்த்த கந்தக அமிலம் சேர்க்கவும். அமிலத்தின் அளவு ஓரிரு மி.லி. கூடினால் கெடுதல் இல்லை; குறையக்கூடாது.
8. 60 முதல் 70 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கவும். குடுவையின் உள்சுவரில் ஆவி படிந்து, கையால் பிடிக்க முடியாத சூடு வரும் நிலை இது. கொதிக்க விடக்கூடாது, அதிகச் சூட்டில் ஆக்சாலிக் அமிலம் சிதைந்து CO, CO₂, நீர் என்று பிரியும், அளவு குறைவாக வரும். இடுக்கியால் இறக்கி, வெப்பநிலைமானியைக் குடுவைக்குள்ளேயே அலசி எடுத்து, பீங்கான் தட்டின் மேல் வைக்கவும்.
9. முதல் ஒரு மி.லி.யைச் சேர்த்துவிட்டு நிறம் மறையும்வரை காத்திருக்கவும். வினை தொடக்கத்தில் மெதுவாகவே நடக்கும். உண்டாகும் Mn²⁺ அயனியே வினைவேகமாற்றியாக வேலை செய்வதால் அதன்பின் சேர்க்கும் துளிகள் விழுந்தவுடன் நிறம் இழக்கும். பொறுமையில்லாமல் தொடக்கத்திலேயே திருகைத் திறந்துவிட்டால் தேங்கிய பெர்மாங்கனேட் பழுப்பு வீழ்படிவாகும்.
10. சுழற்றிக்கொண்டே தொடர்ந்து சேர்க்கவும். நிறம் மறையத் தாமதமானால் துளித்துளியாக விடவும். குடுவை 55 டிகிரிக்குக் கீழே ஆறியிருந்தால் மீண்டும் சற்றுச் சூடாக்கவும். வெள்ளைத் தட்டின் மேல் பார்த்தால் மட்டும் தெரிகிற வெளிர் இளஞ்சிவப்பு, 30 விநாடி நிலைத்தால் அதுவே முடிவுநிலை. அதற்கு மேல் வைத்திருந்தால் நிறம் மெல்ல மங்கும். கவலைப்பட வேண்டாம், மேலும் துளி சேர்க்கவும் வேண்டாம்.
11. 0.1 மி.லி.க்குள் ஒத்துப்போகும் மூன்று அளவுகள் கிடைக்கும்வரை திரும்பச் செய்யவும்.

மாதிரி அளவீடும் கணக்கும்

| முறை | தொடக்கம் (மி.லி.) | முடிவு (மி.லி.) | கன அளவு (மி.லி.) |
|---|---|---|---|
| தோராயம் | 0.0 | 20.9 | 20.9 |
| 1 | 0.0 | 20.4 | 20.4 |
| 2 | 20.4 | 40.8 | 20.4 |
| 3 | 0.0 | 20.4 | 20.4 |

தோராய அளவைச் சராசரியில் சேர்க்கக்கூடாது. எடுத்த ஆக்சாலிக் அமிலம் 1.5824 கிராம்.

ஆக்சாலிக் அமிலத்தின் செறிவு = 1.5824 ÷ (126.07 × 0.250) = 0.0502 மோலார்

பெர்மாங்கனேட்டின் செறிவு = (2 × 0.0502 × 20.0) ÷ (5 × 20.4) = 0.0197 மோலார்

இங்கே 0.1 மி.லி. தவறினால் விடையில் ஏறத்தாழ 0.5 சதவீதம் தவறும். இரண்டு துளி என்பது அற்பமல்ல.

தவறாகப் போகும் இடங்கள்

பழுப்பு நிறக் கலங்கல் வந்தால் அது மாங்கனீசு டை ஆக்சைடு. அமிலம் குறைவு, சூடு குறைவு, வேகமாகச் சேர்த்தது, இந்த மூன்றில் ஒன்றே காரணம். அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கவும். நடுவில் அமிலம் சேர்த்துச் சரிக்கட்டிய அளவைப் பதியக்கூடாது.

கந்தக அமிலத்துக்குப் பதில் கைக்குக் கிடைத்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுவது அடிக்கடி நடக்கிறது. பெர்மாங்கனேட்டில் ஒரு பங்கு குளோரைடைக் குளோரினாக மாற்றச் செலவாகும். அளவு கூடும், நச்சு வாயுவும் வரும். நைட்ரிக் அமிலம் தானே ஆக்சிஜனேற்றி என்பதால் அளவு குறையும். புட்டியின் பெயர்ச்சீட்டைப் படித்துவிட்டு ஊற்றவும்.

முதல் அளவு மட்டும் சற்றுக் கூடி, பிறகு வருபவை ஒத்துப்போனால் பியூரெட் முனையில் குமிழி இருந்திருக்கும். மூன்றும் மூன்று விதமாக வந்தால் திட்டக்குடுவையைச் சரியாகக் கலக்கவில்லை என்று கொள்ளவும்.

முடித்தபின்

மிஞ்சிய பெர்மாங்கனேட்டைப் புட்டிக்குள் திரும்ப ஊற்றக்கூடாது. கழிவுப் பீக்கரில் சேர்த்து, அமிலம் கலந்த ஆக்சாலிக் அமிலக் கரைசலால் நிறம் நீக்கவும். குடுவைக் கழிவுகளோடு சேர்த்து, நுரை அடங்கும்வரை சோடியம் கார்பனேட்டைச் சிறிது சிறிதாகத் தூவி நடுநிலையாக்கி, மாங்கனீசுக் கழிவுக் கலனில் விடவும்.

பியூரெட்டை உடனே கழுவவும். பழுப்புக் கறை படிந்திருந்தால் நீர்த்த ஆக்சாலிக் அமிலத்தில் சில துளி நீர்த்த கந்தக அமிலம் கலந்து ஊற்றிச் சற்று நேரம் விட்டால் போய்விடும். அதன்பின் வாலை வடிநீரில் மூன்று முறை அலசி, திருகைத் திறந்து வைத்து, தலைகீழாக மாட்டவும்.