கீழத்தோட்டத்துக் கிணற்றுச் சீட்டு: தட்டெழுதிய படி

அன்புள்ள சித்தப்பா,

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள தாத்தாவின் சீட்டை வரிவரியாக அடித்துவிட்டேன். முதலில் படத்திலிருந்து எழுத்தெடுக்கும் ஆப்பில் போட்டேன். அது தயங்கிய சொற்களுக்கெல்லாம் மஞ்சள் கோடு போட்டுக் கொடுத்தது. பிறகு படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தேன்.

குறிகள் இவைதான். சொல்லுக்குப் பின் [*] இருந்தால் ஆப் தயங்கியது அல்லது தப்பாக எடுத்தது, ஆனால் எனக்கு உறுதி. [?] இருந்தால் எனக்கும் உறுதி இல்லை. [……] என்றால் படிக்கவே முடியவில்லை. வரி எண்கள் நான் போட்டவை. தாத்தா மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை, அதை மட்டும் சேர்த்திருக்கிறேன். மற்றபடி அவர் எழுதியது எழுதியபடி.

1. உ [*]

2. குரோதி ௵ மாசி ௴ 12 ௳ [……]க்கிழமை

3. கீழத்தோட்டத்துக் கிணறு ஆழப்படுத்தின வகைக்குக் கணக்கு

4. பழைய ஆழம் 32 அடி. இப்போது வெட்டினது 9 [?] அடி. மேலே சுக்கான்பாறை [*], கீழே கரும்பாறை

5. வரவு: கைவசம் இருந்தது ௹ 180. வ. வீட்டு அண்ணன் கொடுத்தது ௹ 250. பருத்தி போட்ட வகையில் ௹ 95. ஆக ௹ 525

6. செலவு: வெட்டுக்கூலி ஆள் 6க்கு நாள் 1க்கு ௹ 2 வீதம் 18 நாளைக்கு ௹ 216

7. வெடிமருந்து, திரி ௹ 64. கொல்லனுக்கு உளி அடித்த [*] கூலி ௹ 17 [*]

8. கமலைக்குக் கூனை [*], வடம் ௹ 38

9. கல்கட்டுக் கொத்தனுக்கு ௹ 110. ஆக ௹ 445. மீதி ௹ 80 அம்மாள் வசம்

10. கூலி போக ஆளுக்கு வாரம் கம்பு 1வ படி [*] வீட்டிலிருந்து அளந்தது

11. வ. வீட்டு அண்ணன் கொடுத்த ௹ 250 கடன் அல்ல

12. ௸யாருக்குக் [*] கிணற்றில் வ [?] பங்கு உண்டு. முறை [……] நாளைக்கு ஒரு நாள்

13. வெள்ளியன்று கிணற்றடியில் பொங்கல் [?] வைத்தது. ஊற்று 3 முழம் ஏறியிருக்கிறது. தண்ணி நல்ல ருசி

14. [……]

இனி, குறி போட்ட இடங்களைப் பற்றி.

முதல் வரியை ஆப் 2 என்று எடுத்தது. தமிழ் எண்ணில் இரண்டும் பிள்ளையார் சுழியும் பார்க்க ஒன்றுதான், அதனால் அதற்குச் சந்தேகமே வரவில்லை, மஞ்சள் கோடும் போடவில்லை. கோடு இல்லாத இடமெல்லாம் சரி என்று நம்ப முடியாது என்பதற்காகவே எல்லா வரியையும் மறுபடி பார்த்தேன்.

குரோதி மாசி என்றால் 1965 பிப்ரவரி கடைசி வாரம். அப்போது பழைய எழுத்துமுறைதான். 1978-ல் தமிழ்நாடு அரசு மாற்றிய ணை, லை, ளை, னை எல்லாம் தாத்தா கையில் மேலே கொக்கி போட்டுத்தான் வரும். ஆப்புக்கு அந்தக் கொக்கி புரியவில்லை, ‘கூனை’யைக் ‘கூன’ என்று விட்டுவிட்டது. வருடம், மாதம், நாள், மேற்படி, ரூபாய் ஆகியவற்றுக்கு அவர் போட்ட குறிகளையும் அப்படியே ௵, ௴, ௳, ௸, ௹ என்று அடித்திருக்கிறேன். உங்கள் போனில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் சொல்லுங்கள், விரித்து எழுதி அனுப்புகிறேன்.

‘சுக்கான்பாறை’ ஆப்பில் ‘கக்காண்பறை’ என்று வந்தது. நம் ஊர்க் கிணறு எதைத் தோண்டினாலும் முதலில் அதுதானே வரும், அங்கே எனக்குத் தடுமாற்றம் இல்லை. வரி 7-ல் கொல்லன் கூலி 11-ஆ, 17-ஆ, 77-ஆ என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது: 216, 64, 38, 110 போக 445-க்கு 17 தான் வேண்டும். வரவிலிருந்து செலவு போனால் மீதி 80, அதுவும் சரியாக நிற்கிறது. வரி 4-ல் உள்ள 9-க்கு இப்படிப் பிடிமானம் எதுவும் இல்லை, 4 ஆகவும் இருக்கலாம். அதனால் கேள்விக்குறி. ‘பொங்கல்’ என்பதில் ‘பொங்’ மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

முக்கியமானது வரி 12.

அங்கே ‘பங்கு’க்கு முன்னால் இருப்பது ஒற்றை ‘வ’. தமிழ்க் கணக்கில் கால் என்பதற்கு அந்தக் குறிதான். ‘எட்டேகால் லட்சணமே’ என்று ஔவையார் பெயரில் வழங்கும் பாட்டில் எட்டு ‘அ’, கால் ‘வ’ என்று வருமே, அதே ‘வ’. தாத்தாவும் வரி 10-ல் ஒன்றேகால் படியை ‘1வ படி’ என்றுதான் எழுதியிருக்கிறார். அந்தக் கணக்குப்படி அண்ணன் வீட்டுக்குக் கிணற்றில் கால் பங்கு.

ஆனால் வரி 5-லும் 11-லும் வடக்கு வீட்டை அவர் ‘வ.’ என்று சுருக்கி எழுதுகிறார். அப்படிப் படித்தால் வரி 12 ‘வடக்குப் பங்கு’ ஆகிவிடும், அதாவது வடபுறத்துக் கமலை ஓடும் பக்கம். அது பாதிக் கிணறு என்று அவர்கள் சொல்ல இடம் உண்டு. இரண்டுக்கும் வேற்றுமை ‘வ’வுக்குப் பின் வைக்கும் ஒரு புள்ளி. தாள் மடித்த கோடு சரியாக அந்த இடத்தில்தான் போகிறது. புள்ளி இருந்து மடிப்பில் தேய்ந்ததா, முதலிலேயே இல்லையா, இந்தப் படத்தில் தெரியவில்லை. எத்தனை நாளைக்கு ஒரு நாள் முறை என்பது தெரிந்தாலும் கேள்வி தீர்ந்துவிடும், நான்கு என்றால் கால், இரண்டு என்றால் பாதி. அந்த எண்ணும் அதே மடிப்பில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஆப் அந்த இடத்தில் ‘வரும் பங்கு’ என்று அடித்துக் கொடுத்தது. படிக்கச் சரளமாகத்தான் இருக்கிறது, யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ‘ரும்’ என்று எழுதிய தடமே தாளில் இல்லை, ஆகவே அதை எடுத்துவிட்டேன். எனக்கும் கால் பங்கு என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் நமக்குச் சாதகமான வாசிப்பை நாமே எழுதி வைப்பது நியாயமில்லை. கேள்விக்குறி அப்படியே இருக்கட்டும்.

14-ஆம் வரியின் மேல் ‘அப்பா கையெழுத்து’ என்று நீங்கள் வாட்ஸப்பில் போட்ட குறிப்பு படிந்திருக்கிறது. கீழே எழுத்தின் தலை மட்டும் எட்டிப் பார்க்கிறது. கையெழுத்தாக இருக்கலாம், சாட்சி பெயராகவும் இருக்கலாம்.

சீட்டு ஊரில் அத்தையிடம்தானே இருக்கிறது? ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், தாளையே ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். காலை வெயிலில் திண்ணையில் வைத்து, மடிப்பைக் கையால் தேய்க்காமல் ஓரங்களில் மட்டும் கல் வைத்து விரிக்கட்டும். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் பேனா அழுத்தின பள்ளம் தெரியும், மை போயிருந்தாலும் புள்ளி வைத்த இடம் அகப்படும். முழுத் தாள் ஒரு படம், வரி 12 மட்டும் கிட்டத்தில் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம். அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் வாட்ஸப் சுருக்கிவிடும்.

அந்தப் படம் வந்து நான் திருத்தி அனுப்பும்வரை வடக்கு வீட்டுப் பெரியப்பாவுக்கு இதைக் காட்ட வேண்டாம் சித்தப்பா. காட்டியே ஆகவேண்டும் என்றால் குறிகளோடு முழுதாகக் காட்டுங்கள், வரி 12-ஐ மட்டும் வெட்டி அனுப்பிவிடாதீர்கள்.