2.3 பொட்டாசியம் செறிந்த மாற்று உப்பு: கள ஆய்வுகளின் ஒப்பீடு

சமையல் உப்பில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்த மாற்று உப்பு குறித்து, அன்றாட உணவில் அதைப் பயன்படுத்திப் பார்த்த ஐந்து ஆய்வுகளை அட்டவணை 2.1 வரிசைக்கு ஒன்றாகத் தருகிறது. கலவை விகிதம் சோடியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு என்ற வரிசையில் உள்ளது.

அட்டவணை 2.1: மாற்று உப்பு ஆய்வுகள்

| ஆய்வு | இடமும் பங்கேற்பாளரும் | கலவை (%) | முறையும் காலமும் | முதன்மை முடிவு |
|---|---|---|---|---|
| சாங் முதலியோர் (2006) | தைவான். முன்னாள் படைவீரர் இல்லத்தில் 1,981 பேர் | 49 : 49 | சமையலறை வாரியாகச் சமவாய்ப்பு ஒதுக்கீடு. சுமார் 31 மாதம் | இதயக் குருதிநாள நோய் இறப்பின் இடர் விகிதம் 0.59 |
| பெர்னாபே-ஓர்டிஸ் முதலியோர் (2020) | பெரு, தும்பேஸ். 6 கிராமங்களில் 2,376 பேர் | 75 : 25 | கிராமங்களுக்குப் படிப்படியாக வழங்கல் | சிஸ்டாலிக் அழுத்தம் 1.29 மி.மீ. குறைவு |
| நீல் முதலியோர் (2021) | சீனா, 600 கிராமங்களில் 20,995 பேர் | 75 : 25 (பெர்னாபே-ஓர்டிஸ் முதலியோர், 2020 போலவே) | கிராம வாரியாகச் சமவாய்ப்பு ஒதுக்கீடு, சராசரி 4.74 ஆண்டு | பக்கவாத வீத விகிதம் 0.86 |
| யூ முதலியோர் (2021) | இந்தியா, தெலங்கானா. உயர் இரத்த அழுத்தமுள்ள 502 பேர் | 70 : 30 | இரட்டை மறைப்பு. 3 மாதம் | சிஸ்டாலிக் அழுத்தம் 4.6 மி.மீ. குறைவு |
| யுவான் முதலியோர் (2023) | சீனா. 48 முதியோர் இல்லங்களில் 1,612 பேர் | 62.5 : 25 (மீதி சுவையூட்டி) | இல்ல வாரியாகச் சமவாய்ப்பு ஒதுக்கீடு, 2 ஆண்டு | சிஸ்டாலிக் அழுத்தம் 7.1 மி.மீ. குறைவு |

இரத்த அழுத்தத்தை முதன்மை முடிவாகக் கொண்ட மூன்று வரிசைகளில் குறைவு 1.29 முதல் 7.1 மி.மீ. வரை வேறுபடுவதற்குக் கலவையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது; பெரு ஆய்வில் உயர் அழுத்தம் இல்லாத பொதுமக்களும் இடம்பெற்றனர், முதியோர் இல்ல ஆய்விலோ உணவு முழுவதும் ஒரே சமையலறையிலிருந்து வந்ததால் வெளி உப்பு கலக்க வாய்ப்புக் குறைவாக இருந்தது. தைவான் ஆய்வின் 0.59 கவர்ச்சியான எண்தான். ஆயினும் மொத்தம் ஐந்தே சமையலறைகள், அவற்றில் இரண்டுக்கு மட்டுமே மாற்று உப்பு என்னும்போது, ஒரு சமையலறைக்கே உரிய தனித்தன்மை முடிவைச் சாய்த்திருக்கக்கூடும் என்பதால், இறப்பு, பக்கவாதம் பற்றிய சான்றுக்கு இவ்வாய்வேடு நீல் முதலியோரின் ஆய்வையே முதலில் சார்கிறது.

பாதுகாப்புக் குறித்த சான்று இந்த அளவுக்கு ஒருமுகமாக இல்லை. நீல் முதலியோர் (2021) மருத்துவ நிலையில் உயர் பொட்டாசியம் இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒரே வீதத்தில் இருந்ததாகக் காட்டினர். ஆனால் கடுமையான சிறுநீரக நோயுள்ளோரும், பொட்டாசியத்தைத் தேக்கும் சிறுநீர்ப்பெருக்கி மருந்து உட்கொள்வோரும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. இரத்தப் பரிசோதனை செய்த யுவான் முதலியோர் (2023), மாற்று உப்புக் குழுவில் உயர் பொட்டாசியம் கூடுதலாகப் பதிவானதைத் தெரிவிக்கின்றனர். ஆகவே, அட்டவணையின் இந்திய வரிசை மூன்றே மாதக் காலமுடையது என்பதையும் கருத்தில் கொண்டு, இங்கு முன்மொழியப்படும் ஆய்வில் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன்னரே சீரம் கிரியேட்டினினும் பொட்டாசியமும் அளவிடப்படும்.