படி ஏறி இறங்கியபின் இதயத் துடிப்பு தணியும் வேகம்: செய்முறை அறிக்கை

உடற்பயிற்சியை நிறுத்திய முதல் ஒரு நிமிடத்தில் இதயத் துடிப்பு எவ்வளவு குறைகிறது, கையால் நாடி பிடித்து எண்ணினால் அது சரியாகக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது கேள்விதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது.

ஒப்புதல்

நால்வர் முன்வந்தார்கள், எல்லோருக்கும் வயது 20 அல்லது 21. என்ன செய்யப் போகிறோம், என்ன அசௌகரியம் வரலாம் என்று வாயால் சொல்லிவிட்டு, எழுதிய தாளையும் கொடுத்துப் படிக்க நேரம் விட்டு, முதல் நாளே கையெழுத்து வாங்கினோம். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகினால் மதிப்பெண் குறையாது என்பது தாளின் முதல் வரியிலேயே இருந்தது. ஒரே வகுப்பில் படிப்பவர்கள் என்பதால் 'எல்லாரும் செய்றாங்க, நான் மட்டும் எப்படி' என்ற கூச்சம் வரும், அதனால் கையெழுத்தைத் தனித்தனியாகத்தான் வாங்கினோம். அறிக்கையில் பெயர் இல்லை. அ, ஆ, இ, ஈ என்று மட்டும்.

பாதுகாப்பு

இதய நோய், ஆஸ்துமா, மயக்கம், உயர் ரத்த அழுத்தம், மூட்டு வலி, சமீபத்திய காய்ச்சல், துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, இவற்றில் ஒன்று இருந்தாலும் பங்கேற்க வேண்டாம் என்று முன்பே கேட்டுவிட்டோம். படிப்பலகையைச் சுவரோடு ஒட்டி வைத்தோம். நாற்காலியும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஆசிரியர் கடைசிவரை அறையிலேயே இருந்தார். நெஞ்சு வலி, தலைசுற்றல், பேச முடியாத மூச்சுத்திணறல் வந்தாலோ, துடிப்பு 169-ஐத் தொட்டாலோ (220-இலிருந்து வயது 21-ஐக் கழித்து, அதில் 85 சதவீதம்) உடனே நிறுத்துவது என்று முடிவு. நாடியை மணிக்கட்டில் மட்டும் பிடித்தோம். கழுத்தில் அழுத்திப் பிடித்தால் அங்குள்ள அழுத்த உணரிகள் தூண்டப்பட்டுத் துடிப்பே குறையலாம். ஆபத்து ஒருபுறம், அளவும் கெட்டுப்போகும்.

செய்முறை

ஐந்து நிமிடம் உட்கார வைத்து ஓய்வுநிலைத் துடிப்பை எடுத்தோம். பிறகு 30 செ.மீ. உயரப் படியில் நிமிடத்துக்கு 24 முறை வீதம் 3 நிமிடம் ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு காலடி என்பதால் மெட்ரோனோம் 96-இல் ஓடியது. முடிந்ததும் உடனே உட்கார வேண்டும். மார்புப் பட்டை உணரி துடிப்பைத் தொடர்ந்து காட்ட, இன்னொருவர் மணிக்கட்டில் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினார்.

முடிவுகள் (மார்புப் பட்டை, நிமிடத்துக்கு)

| நபர் | ஓய்வு | முடிந்த கணம் | 1 நிமிடம் | 2 நிமிடம் | 3 நிமிடம் | முதல் நிமிடக் குறைவு |
|---|---|---|---|---|---|---|
| அ | 62 | 128 | 88 | 74 | 68 | 40 |
| ஆ | 78 | 152 | 112 | 98 | 92 | 40 |
| இ | 74 | 146 | 118 | 102 | 94 | 28 |

ஈ 2 நிமிடம் 10 விநாடியில் தலை சுற்றுவதாகச் சொன்னார். நிறுத்தி உட்கார வைத்தோம், ஆசிரியர் பார்த்தார், பத்து நிமிடத்தில் சரியானது. காலையில் சாப்பிடவில்லை என்று அப்புறம்தான் சொன்னார். எங்கள் கேள்விப் பட்டியலில் அது இல்லை, எங்கள் தவறு. பயிற்சி முழுமையாகாததால் அவர் எண்களைச் சேர்க்கவில்லை, மறுபடி ஏறச் சொல்லவும் இல்லை.

விவாதம்

அ, ஆ இருவருக்கும் குறைவு 40 என்றாலும் இருவரும் ஒன்றல்ல. அ ஏறிய 66 துடிப்பில் 40-ஐ, அதாவது 61 சதவீதத்தை, ஒரே நிமிடத்தில் இறக்கிவிட்டார். ஆ ஏறிய 74-இல் 54 சதவீதம்தான். அ தினமும் ஓடுபவர், ஆனால் ஒருவரை வைத்துப் பயிற்சியின் பலன் என்று சொல்லிவிட முடியாது. முதல் நிமிட இறக்கத்துக்கு முக்கியக் காரணம் வேகஸ் நரம்பு வழியாக எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் மீண்டும் கடிவாளத்தைப் பிடிப்பது. பரிவு நரம்புத் தூண்டல் அடங்கி, ரத்தத்திலுள்ள அட்ரினலின் குறைவது மெதுவாக நடக்கும், அதனால்தான் 3 நிமிடம் கழித்தும் யாரும் ஓய்வுநிலைக்கு வரவில்லை.

இ-யின் 28-ஐ அப்படியே நம்ப வேண்டாம். உட்காரச் சொன்னதும் நண்பர் ஏதோ சொல்ல, அவர் நின்றபடியே சிரித்துக்கொண்டிருந்தார், நாற்காலிக்கு வரவே 40 விநாடி ஆனது. நின்றால் ரத்தம் கால்களில் தேங்கும், அதை ஈடுகட்டத் துடிப்பு உயர்ந்தே இருக்கும்.

இனி கை எண்ணிக்கை. ஆ நின்ற கணத்தில் பட்டை 152 காட்டியது. நாடியைத் தேடிப் பிடித்து 15 விநாடி எண்ணியதில் 36 துடிப்பு, அதாவது 144. எண்ணும்போதே துடிப்பு இறங்குவதால் உச்சம் கையில் சிக்கவில்லை. ஒரு நிமிடத்தில் எண்ணியது 27, அதாவது 108. ஆகக் குறைவு 40-க்குப் பதில் 36. ஒரு துடிப்பைத் தவறவிட்டாலே நான்கு போய்விடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கையால் எடுத்த அளவில் நாலைந்து துடிப்பு வித்தியாசத்தை வைத்து இருவரை ஒப்பிடக் கூடாது.

மருத்துவத்தில் முதல் நிமிடக் குறைவு 12 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் கவனிப்பார்கள். அந்த எல்லை டிரெட்மில் சோதனைக்குப் பின் மெல்ல நடந்தபடி ஓய்ந்தவர்களிடம் பெறப்பட்டது. உட்கார்ந்து எடுத்த எங்கள் எண்களோடு அதை ஒப்பிடவில்லை, யாருடைய உடல்நலத்தைப் பற்றியும் இதை வைத்து எதுவும் சொல்லவில்லை. அடுத்த தொகுதி மாணவர்களுக்கான கேள்வித் தாளில் 'இன்று சாப்பிட்டீர்களா' என்பதைச் சேர்த்துவிட்டோம்.