ஒற்றையும் இரட்டையும்: இரண்டாம் வகுப்புக்கு ஒரு பாடத்திட்டம்

டீச்சர், வியாழக்கிழமை நான் இல்லாதபோது நீங்கள் எடுக்கப்போகும் கணக்குப் பாடம் இது. 24 பிள்ளைகள், எல்லோருக்கும் ஏழு வயது. 45 நிமிடம் போதும், ஆனால் வில்லைகளோடு செய்யும் பகுதியை மட்டும் அவசரப்படுத்த வேண்டாம். வண்ணத்தாளில் ஒரு கட்டம் மிச்சமிருந்தாலும் பரவாயில்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்றால் இரட்டைப்படை" என்ற விதியை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். அதைச் சொன்ன நொடியில் பிள்ளைகள் வில்லைகளைக் கீழே வைத்துவிடுவார்கள். விதி மனப்பாடம் ஆகிவிடும், ஆனால் ஏன் அப்படி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஜோடி சேராமல் மிச்சமாகும் வில்லையை விரல்கள் முதலில் தொடட்டும். விதியை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

தேவையானவை: இருவருக்கு ஒரு டப்பா, அதில் 20 வில்லைகள். 12 டப்பாக்களும் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. நீலம், மஞ்சள் கிரேயான்கள். ஆளுக்கொரு வண்ணத்தாள்; மேசை மேல் 26 பிரதிகள் வைத்திருக்கிறேன்.

தொடக்கம் (5 நிமிடம்)

எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, "ஆளுக்கொரு ஜோடி பிடித்துக் கை கோத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். 24 பேரும் வந்திருந்தால் 12 ஜோடி, யாரும் தனியாக இல்லை. இப்போது நீங்களும் விளையாட்டில் சேருங்கள். 25 பேர். உங்களுக்கு ஜோடி இல்லை! "ஐயோ, நான் மட்டும் ஒற்றையாக நிற்கிறேனே" என்று சொல்லுங்கள். ஒருவர் வராமல் 23 ஆகிவிட்டால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலிலேயே நீங்கள் சேர்ந்து 24 ஆக்கிவிட்டு, அப்புறம் விலகிப் பாருங்கள். எப்படியானாலும் தனியாக நிற்பது ஒரு பிள்ளையாக இருக்கக் கூடாது. சுவரோர மேசையில் உட்காரும் பையன் இந்த மாதம்தான் நம் வகுப்புக்கு வந்தான். அவனைத் தற்செயலாகக்கூடத் தனியாக விட்டுவிட வேண்டாம். விலகும்போது உங்கள் ஜோடி தனியாகிவிடும் என்பதால் அவன் கையை நீங்கள் பிடிக்காதீர்கள். உங்களோடு கை கோத்திருந்த பிள்ளையைப் பக்கத்து ஜோடியோடு சேர்த்து "மூவராகிவிட்டீர்கள், ஒருவர் கூடுதல்" என்று சொன்னால் போதும்.

வில்லைகள் (20 நிமிடம்)

"டப்பாவிலிருந்து 7 வில்லைகளை எடுங்கள். இரண்டிரண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எத்தனை ஜோடி? மிச்சம் உண்டா?"

3 ஜோடி, மிச்சம் ஒன்று. கரும்பலகையில் எண், ஜோடி, மிச்சம் என்று மூன்று பத்திகள் போட்டு அதை எழுதுங்கள். அடுத்து 8. இன்னொரு வில்லையை வைத்ததும் தனியாக இருந்ததற்குத் துணை கிடைத்துவிடுகிறது. அந்தக் கணத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். "இன்னும் ஒன்று வைத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் காத்திருங்கள். பிறகு 1 முதல் 12 வரை ஒவ்வொரு எண்ணாக அவர்களே அடுக்கட்டும். பலகையில் மிச்சம் என்ற பத்தி 1, 0, 1, 0 என்று இறங்கிக்கொண்டே போகும்.

பெயரை இப்போதுதான் சொல்ல வேண்டும். "மிச்சமில்லாமல் எல்லாமே இரட்டையாக நின்றால் அது இரட்டைப்படை எண். ஒன்று ஒற்றையாக நின்றால் ஒற்றைப்படை எண்." பொருள் பெயரிலேயே இருப்பதால் இதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

ஒரு குழப்பம் நிச்சயம் வரும். போன வருடம் ஒரு பெண் 6 வில்லைகளை அடுக்கிவிட்டு, "டீச்சர், 3 ஜோடி இருக்கு. 3 ஒற்றைப்படைதானே, அப்போ 6ம் ஒற்றைப்படை" என்றாள். அவள் யோசித்திருக்கிறாள், அதனால் "தப்பு" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "எத்தனை ஜோடி என்று நாம் கேட்கவில்லை. துணையில்லாமல் யாராவது நிற்கிறார்களா?" என்று கேட்டேன். வில்லைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, "யாருமில்லை" என்றாள். நீங்களும் அந்தக் கேள்வியையே கேளுங்கள்.

யாராவது 0 பற்றிக் கேட்டால் வெறும் மேசையைக் காட்டுங்கள். தனியாக நிற்கும் வில்லை எதுவும் அங்கே இல்லை. அதனால் 0 இரட்டைப்படை.

நேரமிருந்தால் ஒரு டப்பாவில் 5, பக்கத்து டப்பாவில் 7 எடுத்து ஒன்றாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அங்கே ஒன்று தனி, இங்கே ஒன்று தனி. இரண்டும் ஜோடியாகிவிடும்.

வண்ணத்தாள் (15 நிமிடம்)

தாளில் இருப்பது இது:

முதல் கட்டம். இரட்டைப்படைக்கு நீலம், ஒற்றைப்படைக்கு மஞ்சள்.

```
 1  2  3  4  5  6
 7  8  9 10 11 12
13 14 15 16 17 18
19 20 21 22 23 24
25 26 27 28 29 30
```

இரண்டாம் கட்டம். அதே வண்ணங்கள்.

```
 1  2  3  4  5
 6  7  8  9 10
11 12 13 14 15
16 17 18 19 20
21 22 23 24 25
26 27 28 29 30
```

மூன்றாம் கட்டம். இரட்டைப்படைக்கு மட்டும் நீலம். ஒரு எழுத்து ஒளிந்திருக்கிறது!

```
12  7 31 15 40
28 43  9 27  6
34 21 35 13 18
50 19 23 47  2
16  8 30 44 22
```

முதல் கட்டத்தில் மேலிருந்து கீழாகப் பட்டைகள் வரும். இரண்டாவதில் சதுரங்கப் பலகை போல மாறி மாறி வரும். எண்கள் அதே 1 முதல் 30 வரைதான், வண்ணங்களும் அவையேதான். பின்னே கோலம் ஏன் மாறியது? இந்தக் கேள்விக்காகவே இரண்டு கட்டங்களைப் போட்டேன். முதலாவதில் ஒரு படி கீழே இறங்கினால் 6 கூடுகிறது, அதாவது மூன்று முழு ஜோடிகள். அதனால் எதுவும் மாறுவதில்லை. இரண்டாவதில் கூடுவது 5. அதில் ஒன்று தனியாக வருவதால் ஒற்றை இரட்டையாகிறது, இரட்டை ஒற்றையாகிறது. எல்லோருக்கும் இது பிடிபடாது, பிடிபடவும் வேண்டாம். இரண்டு மூன்று பேர் 7 வில்லைகளோடு இன்னும் 5, அல்லது 6, சேர்த்துப் பார்த்தாலே எனக்குச் சந்தோஷம். சீக்கிரம் முடிப்பவர்களிடம், "ஒரு வரிசையில் 7 கட்டம் போட்டால் பட்டை வருமா, பலகை வருமா?" என்று கேளுங்கள். பலகைதான் வரும்.

மூன்றாம் கட்டத்தில் ஒளிந்திருப்பது 'ப'. பத்தின் இலக்கத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்களுக்காக 34, 21, 27 ஆகியவற்றை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். 34ஐ விட்டுவிட்டால் எழுத்தின் இடது கால் நடுவில் உடையும். 27க்கு நீலம் அடித்தால் வலது காலில் ஒரு முள் முளைக்கும். தவறு பிள்ளையின் கண்ணுக்கே தெரிந்துவிடும் என்பதால் நீங்கள் சிவப்பு மையை எடுக்க வேண்டியதில்லை. "27ஐ அடுக்கிக் காட்டு" என்று சொல்லி, பக்கத்து டப்பாவையும் கொடுங்கள். முதலில் 10, அடுத்து இன்னொரு 10. ஒவ்வொரு பத்தும் சரியாக 5 ஜோடி, மிச்சமே இல்லை. பத்துகள் எத்தனை வந்தாலும் மிச்சம் வராது. ஆகவே மிச்சம் 7க்குள்தான் இருக்க முடியும். கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று யாராவது கத்தினால், கத்தட்டும். அந்தப் பிள்ளையையே பலகைக்கு அழைத்து, தன் வாயாலேயே விதியைச் சொல்லச் சொல்லுங்கள்.

கடைசி 5 நிமிடம்

"ஒற்றையா, இரட்டையா?" விளையாட்டு. ஒருவர் கையில் சில வில்லைகளை மூடிக்கொள்ள, மற்றவர் சொல்ல வேண்டும். கையைத் திறந்து இரண்டிரண்டாக அடுக்கிப் பார்த்துத்தான் முடிவு சொல்லலாம், எண்ணிச் சொல்லக் கூடாது.

பிறகு டப்பாவில் வில்லைகளைத் திருப்பிப் போடும்போதும் இரண்டிரண்டாகவே போடச் சொல்லுங்கள். 10 ஜோடி வந்தால் 20ம் இருக்கிறது. கடைசியில் ஒன்று தனியாக வந்தால், மேசைக்கு அடியில் தேடச் சொல்லுங்கள்.