பேட்ச் வம்சாவளிப் பதிவு: L5134B, தக்காளி சூப் பவுடர் 50 கிராம்

தயாரித்த நாள்: 14-05-2025 (ஆண்டின் 134-ஆம் நாள்), லைன் B, காலை ஷிப்ட்
பதிவை மீண்டும் திறந்த நாள்: 20-05-2025, காலை 9:30
எழுதியவர்: தரக் கட்டுப்பாட்டு அலுவலர், லைன் B

திறந்த காரணம்

பால் பவுடர் லாட் MP-3298-இல் ஈரப்பதம் வரம்பைத் தாண்டியிருப்பதாகச் சப்ளையரிடமிருந்து கடிதம் வந்தது. ஸ்டோர் வெளியீட்டுப் பட்டியலில் இந்த லாட்டைத் தேடினால் L5133A மட்டுமே வருகிறது, L5134B வரவில்லை. 14-ஆம் தேதி ஸ்டோரிலிருந்து இறங்கிய எட்டு மூட்டையும் MP-3310 என்பதால் அந்தப் பதிலில் தவறில்லை. ஆனால் அது பாதிப் பதில்தான். ரீவொர்க் வழியாக வந்தது வெளியீட்டுப் பட்டியலில் தெரியாது. அதனால் மிக்ஸ் தாள், ரீவொர்க் டப்பா லேபிள், பேக்கிங் நேரம் மூன்றையும் வைத்து முழு வம்சாவளியும் கீழே எழுதப்படுகிறது.

உள்ளே போனவை

நான்கு மிக்ஸ், ஒவ்வொன்றும் 500 கிலோ. M3-இல் கூடுதலாக 20 கிலோ ரீவொர்க். மொத்தம் 2,020 கிலோ.

| மூலப்பொருள் | ஒரு மிக்ஸுக்கு (கிலோ) | லாட் | மிக்ஸ் |
|---|---|---|---|
| சோள மாவு (சைலோ S2) | 150 | ST-2187, ST-2204, ST-2219 | M1–M4 |
| தக்காளி பவுடர் | 125 | TP-0871 | M1, M2, M3 (3 மூட்டை) |
| | | TP-0886 | M3 (2 மூட்டை), M4 |
| சர்க்கரை | 75 | SG-957 | M1–M4 |
| உப்பு | 50 | SL-640 | M1–M4 |
| பால் பவுடர் | 50 | MP-3310 | M1–M4 |
| வெங்காயப் பவுடர் | 25 | OP-118 | M1–M4 |
| கொழுப்புப் பவுடர் | 20 | FV-515 | M1–M4 |
| மிளகுத்தூள் | 5 | PP-042 | M1–M4 |
| ரீவொர்க் | 20 | RW-5133-2 | M3 மட்டும் |

சோள மாவுக்கு மூன்று லாட் எழுதியிருப்பதை அலட்சியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 14-ஆம் தேதி விடியற்காலை 5:40-க்கு ST-2219 டேங்கர் இறங்கியபோது சைலோவில் 1,150 கிலோ மிச்சம் இருந்தது. அன்று மொத்தம் எடுத்ததே 600 கிலோ. ஆகவே பழைய மாவு மட்டும்தான் வந்திருக்கும் என்று கணக்குப் போடத் தோன்றும். S2-இல் அது செல்லாது. சுவரோரத்து மாவு அப்படியே நிற்க, நடுவில் குழி விழுந்து மேலே கொட்டியது முதலில் இறங்கும் சைலோ அது. கடைசியாகக் காலி செய்து சுத்தம் செய்தது 02-05-2025 அன்று. அதற்குப் பிறகு ஏறிய எல்லா லாட்டும், அடுத்து காலி செய்யும் வரை, ஒவ்வொரு மிக்ஸிலும் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

M3 தாளில் வெங்காயப் பவுடருக்கு OP-181 என்று கையால் எழுதப்பட்டிருக்கிறது. மூட்டை மடிப்பில் பார்கோடு கசங்கி ஸ்கேனர் படிக்காததால் ஆபரேட்டர் எண்ணை எழுதியிருக்கிறார். சரக்கு வரவுப் பதிவேட்டில் OP-181 என்று ஒரு லாட்டே கிடையாது. தாளோடு பின் அடித்திருந்த காலி மூட்டை லேபிளில் OP-118 தெளிவாக இருக்கிறது. பழைய எண்ணை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியான எண், தேதி, சுருக்கொப்பம் போடப்பட்டது. லேபிள் மட்டும் இல்லாவிட்டால் இந்த வரி ஊகமாகத்தான் நின்றிருக்கும்.

ரீவொர்க்கின் வம்சம்

RW-5133-2 என்பது முந்தைய நாள் L5133A-வில் எடை குறைந்து ஒதுக்கிய சாஷேக்களைப் பிரித்துக் கொட்டிய பவுடர். ஃபார்முலா அதேதான், ஒவ்வாமைப் பொருளும் அதே பால்தான். M3-இல் அதன் பங்கு 3.85 சதவீதம், அனுமதி 5 சதவீதம் வரை. சேர்த்ததில் விதிமீறல் இல்லை.

L5133A-வின் பால் பவுடர் முழுக்க MP-3298. பால் பவுடர் பங்கு 10 சதவீதம் என்பதால் 20 கிலோ ரீவொர்க்கோடு 2 கிலோ MP-3298 M3-க்குள் வந்திருக்கிறது. L5133A-வின் மற்ற லாட்டுகள் அனைத்தும் மேலே உள்ள அட்டவணையில் ஏற்கெனவே இருக்கின்றன.

```
MP-3298 > L5133A > RW-5133-2 > L5134B-M3 > P3, P4
                                         > RW-5134-1
```

எந்த மிக்ஸ் எந்தப் பேக்கில்

பேக்கிங் 07:05 முதல் 15:30 வரை, நிமிடத்துக்கு 80 சாஷே. 11:30 முதல் 11:40 வரை ஃபிலிம் மாற்ற நிறுத்தம்: அதுவரை FR-771, பிறகு FR-774. ஒவ்வொரு சாஷேயிலும் கார்ட்டனிலும் பேட்ச் எண்ணும் நேரமும் அச்சாகியிருக்கின்றன.

ஹாப்பரில் ஏறத்தாழ 60 கிலோ இருக்கும்போதே அடுத்த மிக்ஸ் இறங்கிவிடும். அந்த 60 கிலோ தீர 15 நிமிடம் ஆகும். மூலையில் தங்குவதையும் சேர்த்து 30 நிமிடம் கலப்பு நேரமாக எடுக்கப்பட்டது. M2 இறங்கியது 08:52, M3 10:55, M4 13:12. எனவே M3-இன் பவுடர் இருக்கக்கூடிய பேக்குகள் 10:55 முதல் 13:42 வரை.

| பேலட் | நேரம் | மிக்ஸ் | இப்போது எங்கே |
|---|---|---|---|
| P1 | 07:05–08:44 | M1 | வாடிக்கையாளர் C-014 |
| P2 | 08:44–10:23 | M1, M2 | C-014 |
| P3 | 10:23–12:12 | M2, M3 | C-014 |
| P4 | 12:12–13:51 | M3, M4 | C-027 |
| P5 | 13:51–15:30 | M4 | நமது கிடங்கு |

பேலட்டுக்கு 66 கார்ட்டன், கார்ட்டனுக்கு 120 சாஷே. மொத்தம் 330 கார்ட்டன், 39,600 சாஷே.

எடைக் கணக்கு

உள்ளே 2,020.00 கிலோ. கார்ட்டனில் போனது 1,987.92 (சராசரி நிரப்பு எடை 50.2 கிராம்). காப்பு மாதிரி 24 சாஷே 1.20, ஆய்வக மாதிரி 1.00, ரீவொர்க் டப்பா RW-5134-1 18.40, சல்லடை மற்றும் தரைக் கழிவு 5.60, மெட்டல் டிடெக்டர் தள்ளியது 0.35. கணக்கில் வராதது 5.53 கிலோ, அதாவது 0.27 சதவீதம், வரம்பு 0.5. தூசி உறிஞ்சியில் போவதே இந்த அளவு இருக்கும். எழுதாமல் விட்ட மூட்டை ஒன்று இருந்திருந்தால் மிகக் குறைந்தது 25 கிலோவாவது இடித்திருக்கும்.

முடிவும் நடவடிக்கையும்

P3, P4 இரண்டும் முழுமையாக நிறுத்திவைப்பு: 132 கார்ட்டன், 15,840 சாஷே. P3-இல் 10:55-க்கு முன் அச்சான சுமார் 21 கார்ட்டன் சுத்தம்தான். ஆனால் வாடிக்கையாளர் கிடங்கில் நேரம் பார்த்துப் பிரிக்கச் சொல்வது வீண் வம்பு என்பதால் பிரிக்கவில்லை. C-014, C-027 இருவருக்கும் பேலட் எண்ணோடு தகவல் 10:50-க்குள் போய்விட்டது. இருவரும் சரக்கு வெளியே போகவில்லை என்று எழுத்தில் உறுதி தந்திருக்கிறார்கள். P1, P2, P5-க்குத் தடை இல்லை. 2 கிலோ 520 கிலோவில் கரைந்துவிட்டது என்ற வாதம் விற்பனைப் பிரிவிலிருந்து வந்தது. காப்பு மாதிரியில் 11:00 முதல் 13:30 வரையிலான சாஷேக்களின் ஈரப்பதமும் நுண்ணுயிர்ச் சோதனையும் வரும் வரை அது ஏற்கப்படாது.

RW-5134-1 ஷிப்ட் முழுக்கச் சேர்ந்தது. அதில் M3-இன் சாஷேக்களும் உண்டு. ஆகவே MP-3298 அதற்கும் வாரிசுரிமையாக வந்துவிட்டது. 15-ஆம் தேதி முதல் 19 வரையிலான மிக்ஸ் தாள்களில் இந்த எண் இல்லை. டப்பா ரீவொர்க் அறையில் சீல் உடையாமல் இருக்கிறது. இன்று எடை போட்டதில் 18.40 கிலோ. சிவப்பு லேபிள் ஒட்டி, சிஸ்டத்திலும் பூட்டப்பட்டது.

L5133A-வின் நேரடிப் பயன்பாட்டுக்குத் தனிப் பதிவு எழுதப்படுகிறது. அதே நாளின் RW-5133-1 டப்பா எங்கே போனது என்பது அதில் வரும்.

தேடல் முடிந்த நேரம்: 11:10 (எடுத்தது 1 மணி 40 நிமிடம், நமது வரம்பு 4 மணி)

ஒப்பம்: தரக் கட்டுப்பாட்டு அலுவலர், 20-05-2025, 11:15
சரிபார்த்தவர்: உற்பத்தி மேற்பார்வையாளர், லைன் B, 11:40
நிறுத்திவைப்புக்கு ஒப்புதல்: தரப் பிரிவு மேலாளர், 11:55